"ஒண்ணுமில்லீங்க, விடுங்க"

சோமனூருக்கு அருகே ஒரு வீடு. இரவு எட்டு மணி. மகனும் மருமகளும் பேத்தியும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். தாத்தாவும் ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிறார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "என்ன புள்ள சொல்லுச்சு?" என்கிறார். மனைவி இட்லியை வைத்தபடியே, "ஒண்ணுமில்லீங்க, விடுங்க" என்கிறார்.

கோபத்தில் சொன்னதல்ல அது. சொன்னது சின்ன விஷயம். மூன்று தடவை கத்திச் சொன்னால் அதிலிருந்த சிரிப்பு போய்விடும். "சாப்பிட வாங்க", "மாத்திரை போட்டீங்களா", "நாளைக்குக் கரண்ட் இருக்காதாம்" போன்ற அவசியமான செய்திகளை வீட்டில் எல்லோரும் கத்தியாவது அவரிடம் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை, பள்ளிக்கூடத்தில் காணாமல்போன பென்சில் டப்பா, சாம்பாரில் உப்பு கூடிப்போன கதை இவையெல்லாம் அவரிடம் வருவது நின்றுபோய் ஆறேழு வருடமாகியிருந்தது. காது மந்தமானவர் முதலில் இழப்பது கத்திச் சொல்லத் தேவையில்லாத இந்தச் சின்னப் பேச்சுகளைத்தான். அது நின்றுபோனதை அவரும் கவனிக்கவில்லை, வீட்டாரும் கவனிக்கவில்லை.

அவருக்கு அப்போது வயது 74. விசைத்தறித் தொழிலாளி. 22 வயதில் தறிக்குடோனுக்குள் நுழைந்தவர் 60 வயதில்தான் வெளியே வந்தார். நாடா இப்பக்கமும் அப்பக்கமும் அடித்து ஓடும் தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், 100-ஐ நெருங்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் வகுத்த கணக்கின்படி, 85 டெசிபலில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். இவர் பல வருடங்கள் 12 மணி நேர ஷிப்ட் பார்த்தவர். சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது. ஆனால் அவர் வேலை பார்த்த குடோன்களில் காதில் வைக்க யாரும் எதுவும் கொடுத்ததில்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். இவர் அதுவும் வைத்துக்கொண்டதில்லை.

குடோனுக்குள் பேச்சு என்பது உதட்டைப் பார்ப்பதுதான். எதிர்த் தறிக்காரர் வாயசைத்து, கையைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, பாவு அறுந்ததையும் டீ வந்ததையும் சொல்லிவிடுவார். பருத்தி ஆலைகள் நிறைந்திருந்த இங்கிலாந்தின் லங்காஷயரிலும் நெசவாளர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அந்த வாயசைப்புப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே உண்டு. 38 வருடம் உதட்டைப் படித்துப் பழகிய கண்கள் இந்தத் தாத்தாவினுடையவை. அதனால் காது குறைந்துகொண்டே போனபோதும், எதிரே நின்று பேசுபவரிடம் அவர் சமாளித்துவிட்டார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டார். "ஏதோ யோசனையில இருக்காரு" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

2020-ல் எல்லோரும் வாயை முகக்கவசத்தால் மூடிக்கொண்டபோது குட்டு உடைந்தது. ரேஷன் கடையில் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மருந்துக்கடையில் மாத்திரையை எத்தனை வேளை போடுவது என்று சொன்னது புரியாமல், புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்குள்ளும் பேச்சு இடம் மாறி விழுந்தது. ஒருநாள் வாசலில் நின்ற மகன், "அப்பா, உள்ள போய் காசு எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டான். அவர் முகம் சிவக்கச் சொன்னார்: "என் காது நல்லாத்தான் இருக்குது."

காசு, காது, காடு. மூன்றிலும் 'கா' என்ற நெடில் கனமாகவும் தாழ்ந்த சுருதியிலும் வருகிறது, அது அவருக்கு நன்றாகவே கேட்கும். எது என்று பிரித்துச் சொல்வது அடுத்து வரும் மெய்யொலி. அது மெலிதானது, கண நேரத்தில் கடந்துபோவது. குறிப்பாக 'சு' என்ற சீற்ற ஒலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள உயர்ந்த சுருதிகளில்தான் இருக்கிறது. நம் உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் ஒலி அதிர்வை நரம்புக்குச் செய்தியாக மாற்றித் தருகின்றன. உயர் சுருதிகளை வாங்கும் செல்கள் அந்தச் சுருளின் வாசலிலேயே இருக்கின்றன. சத்தத்தால் முதலில் அடிபடுபவை அவைதான், முதுமையில் முதலில் தேய்பவையும் அவைதான். மனிதக் காதில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

"பேசறது கேக்குது, ஆனா என்ன பேசறீங்கன்னு தெரியல" என்று முதியவர்கள் சொல்வது இதனால்தான். உயிரெழுத்துகள் வந்துசேர்கின்றன, மெய்யெழுத்துகள் உதிர்ந்துவிடுகின்றன. நாம் கத்தும்போது பெரிதாவது உயிரெழுத்துதான். 'கா' இன்னும் பெரிய 'கா' ஆகிறதே ஒழிய, 'சு' அப்படியே அமுங்கிக் கிடக்கிறது. குழந்தைகளின் குரல் மெல்லியது, வேகமும் அதிகம், பேசும்போது முகத்தை வேறு திருப்பிக்கொள்வார்கள். வீட்டிலேயே பேத்தியின் பேச்சுதான் அவருக்கு மிகவும் தொலைவில் இருந்தது.

மகனுக்கு வேறொரு பயமும் வந்திருந்தது. கேட்டது ஒன்று, சொல்லும் பதில் இன்னொன்று. கூட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்துகொள்கிறார். இது மறதி நோயின் தொடக்கமோ? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மறதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் காதைச் சோதித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேள்வியே காதில் விழாதவரை விடை தெரியாதவர் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் காதுப் பரிசோதனைக்கு அவர் வர மறுத்தார்.

மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவருடைய மாமா ஒருவர் சட்டைப் பையில் பெட்டி வைத்து ஒயர் மாட்டிய பழைய காது மிஷின் போட்டிருந்தார். விசேஷ வீடுகளில் அது கீச்சென்று கத்தும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரில் அவருக்குப் பெயரே போய், "செவிட்டு மாமா" ஆகிவிட்டார். இன்னொரு காரணத்தை மகனே உண்டாக்கியிருந்தான். இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான். அப்படிப்பட்ட கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவாகப் பெரிதாக்கும். அவருக்குத் தாழ்ந்த சுருதிகள் ஏற்கெனவே கேட்கும். அதனால் பேச்சு தெளியவில்லை, மின்விசிறி இரைச்சல்தான் மண்டைக்குள் புகுந்தது. இரண்டு நாளில் அதைக் கழற்றி வைத்தவர், "மிஷின் எல்லாம் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்.

அவரை இறங்கி வர வைத்தது அவருடைய அக்கா. அவிநாசியில் இருக்கும் எண்பது வயது அக்காவுடன் வாராவாரம் போனில் பேசுவது அவர் வழக்கம். சில வருடங்களாக மனைவிதான் போனைக் காதில் வைத்து, அக்கா சொன்னதைக் கேட்டு, இவரிடம் கத்திச் சொல்லி, இவர் பதிலை அங்கே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வெகுநேரம் பேசினார். மனைவியின் கண் கலங்கியது. "என்ன சொல்லுச்சு?" என்று இவர் கேட்க, "உடம்புக்கு முடியலயாமுங்க" என்று மட்டும் பதில் வந்தது. அத்தனை நேரம் பேசியது இரண்டு சொல்லாகச் சுருங்கியது அவரை உறுத்தியது. மறுவாரம் மகனிடம், "அந்த டாக்டர்கிட்ட ஒருக்கா போய்ட்டு வரலாம்" என்றார். போட்டுக்கொள்வதாகச் சொல்லவில்லை. போய் வரலாம் என்று மட்டும்தான்.

கோவையில் முதலில் பார்த்தது காது, மூக்கு, தொண்டை மருத்துவரை. இரண்டு காதிலும் குறும்பி இறுகிக் கிடந்தது. அதை எடுத்ததும் கொஞ்சம் தெளிந்தது. "அவ்வளவுதான், இனிக் கிளம்பலாம்" என்று தாத்தா எழுந்துவிட்டார். மருத்துவர் உட்கார வைத்து ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். வரிசை இதுதான்: முதலில் மருத்துவர், பிறகு கேட்புச் சோதனை, கடைசியில்தான் மிஷின். காதில் சீழ், ஒரு காதில் மட்டும் குறைவு, தலைசுற்றல் இருந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். ஓரிரு நாளுக்குள் திடீரென்று ஒரு காது அடைத்துப்போனால் அது அவசரச் சிகிச்சைக்குரியது. நாள் கடந்தால் மருந்து கொடுத்தும் பலன் குறையும்.

ஒலி புகாத சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். "எவ்வளவு சன்னமா கேட்டாலும் அமுத்துங்க ஐயா" என்றார் ஆடியாலஜிஸ்ட். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒவ்வொன்றிலும், அவருக்குக் கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலி எது என்று குறித்தார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் அதிரும் சின்னக் கருவியை வைத்து அதே சோதனை. எலும்பு வழியாகவும் அதே அளவுதான் கேட்டது. செவிப்பறையிலோ நடுக்காதிலோ அடைப்பு இருந்திருந்தால் எலும்பு வழியாக நன்றாகக் கேட்டிருக்கும். குறை உள்காதில் என்பது உறுதியானது.

கையில் கொடுத்த வரைபடத்தின் பெயர் ஆடியோகிராம். அதில் கோடு மேலே இருந்தால் காது நல்லது, கீழே இறங்க இறங்கக் குறைவு. 20 டெசிபல் வரை சாதாரணம். இவருக்கு 500 ஹெர்ட்ஸில் 30, 1,000-ல் 40, 2,000-ல் 55, 4,000-ல் 75. படிக்கட்டு போல இறங்கிய கோடு. நான்கையும் கூட்டி வகுத்தால் சராசரி 50 டெசிபல். அந்த ஒற்றை எண்ணைவிடக் கோட்டின் வடிவம்தான் அவருடைய கதையைச் சொல்கிறது. இடப்பக்கத் தாழ்ந்த சுருதியில் கதவு சாத்தும் ஒலி, ஆண்குரல், 'கா'. வலப்பக்கப் பள்ளத்தில் 'சு', பேத்தியின் குரல், குக்கர் விசில்.

அடுத்த சோதனையைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் மிஷின் உதவுமா என்பதைச் சொல்வது அதுதான். 25 சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்தார்கள். இயல்பான பேச்சின் ஒலியில் 12 சரியாக வந்தது. ஒலியைக் கூட்டியபோது 21 சரியாக வந்தது. போதிய ஒலி கிடைத்தால் அவருடைய நரம்பும் மூளையும் சொல்லைப் பிரித்துக்கொள்கின்றன என்பது இதற்குப் பொருள். ஒலியைக் கூட்டியும் 13, 14 என்று நின்றிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த மிஷின் போட்டாலும் தெளிவு அந்த அளவோடு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.

"ஒரு காதுக்குப் போதுமுங்களே" என்றார் தாத்தா. செலவு பாதியாகும் என்பது கணக்கு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் அறிகிறது. நான்கு பேர் பேசும் இடத்தில் ஒருவர் குரலைப் பிடித்துக்கொள்வதற்கும் அந்த ஒப்பீடு வேண்டும். அவருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் குறைந்திருந்தன. கடைசியில் இரண்டும் வாங்குவதென்று முடிவானது. காதின் பின்னால் சின்ன உறுப்பு, அதிலிருந்து மெல்லிய ஒயர், காதுத் துளைக்குள் சிறு ஒலிபெருக்கி. அதன் முனையில் துளைகளிட்ட மென்மையான ரப்பர்க் குமிழ். தாழ்ந்த சுருதிகள் அவருக்கு ஓரளவு கேட்பதால் அவை அந்தத் துளைகள் வழியே இயல்பாக நுழையும், அடைத்துவிட்டால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும். நகக்கண் அளவு பேட்டரியைப் பிரித்து மாட்டத் தறிக்காரரின் தடித்த விரல்கள் வராது என்பதால், இரவில் சார்ஜில் வைக்கும் வகையைத் தேர்ந்தார்கள்.

காது மிஷின் விலை ஒரு காதுக்குச் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் போகும். மகன் தறி ஓட்டும் வீட்டில் இது பெரிய செலவு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு அவர் தகுதி பெறவில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் அதற்குள் வர முடியும். குறைந்த வருமானமுள்ள 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் முகாம்கள் வழியாகக் காது மிஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாங்க முடியாதவர்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்கலாம். இந்தக் குடும்பம் சேமிப்பிலிருந்து நடுத்தர விலையில் வாங்கியது. மிஷினைப் பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று மகன் முதலிலேயே கேட்டு வைத்திருந்தான். அது அவசியமான கேள்வி.

முதல் நாள் வீட்டுக்கு வந்து படியேறியதுமே தாத்தா திடுக்கிட்டார். தன் செருப்பு தரையில் உரசும் ஒலி. செய்தித்தாளைப் பிரித்தால் சரசரவென்று ஏதோ எரிவது போல. சமையலறையில் கரண்டி விழுந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டார். சன்னமான ஒலி கேட்காத காதுக்கு, பெரிய ஒலி மற்றவர்களைவிடக் கூர்மையாகக் குத்தும். சேதமடைந்த உள்காதில் கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் தாங்க முடியாத இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிவிடுவதுதான் காரணம். மூன்றாம் நாள் இடது காதில் கீச்சென்று விசில் அடித்தது. மாமாவின் முகம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழற்றிப் பெட்டியில் வைத்தார், பெட்டி பீரோவுக்குள் போனது. ஏழெட்டு நாள் அங்கேயே இருந்தது.

வாங்கிய மிஷின்கள் பல வீடுகளில் பயணத்தை முடித்துக்கொள்ளும் இடம் அந்த பீரோதான். இங்கே அது மாறியதற்குக் காரணம், இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்று தேதி குறித்துக் கொடுத்திருந்தது. ஆடியாலஜிஸ்ட் மிஷினைக் கணினியுடன் இணைத்தார். ஒரு நாளில் சராசரியாக எத்தனை நேரம் போட்டிருந்தார் என்பதை மிஷினே பதிந்து வைத்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அவர் கடிந்துகொள்ளவில்லை. "எது தொந்தரவா இருந்துச்சு ஐயா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

மூன்று தவறுகள் வெளியே வந்தன. முதலாவது, வலது மிஷினை இடது காதிலும் இடதை வலதிலும் மாட்டியிருந்தார். சிவப்பு வலது, நீலம் இடது என்பது எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் அடையாளம். மங்கிய வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது, ரப்பர்க் குமிழ் அவர் காதுத் துளைக்குச் சிறியது. அது தளர்ந்து வெளிவந்தபோது பெருக்கிய ஒலி கசிந்து, மிஷினின் மைக்குக்குள்ளேயே மீண்டும் போய்ச் சுற்றியது. விசில் சத்தம் அதுதான். பெரிய குமிழ் மாட்டியதும் நின்றது. மூன்றாவது, பெரிய ஒலிகளுக்கு வைத்திருந்த உச்சவரம்பு அவருக்கு அதிகம். மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் செவிப்பறை அருகே வரை செலுத்தி, அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்தார்கள். கரண்டிச் சத்தத்துக்கான உச்சம் குறைந்தது. பேச்சுக்கான 'சு', 'த்', 'ப்' போதாமல் இருந்ததும் அந்த அளவில் தெரிந்தது. ஆனால் அதை ஒரேயடியாக ஏற்றவில்லை. மாதம் ஒரு படியாக ஏற்றுவதாகச் சொன்னார்கள்.

வீட்டுப்பாடமும் கொடுத்தார்கள். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒரே ஒருவருடன் பேச்சு. அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், டிவியும் சேர்த்து. அதன் பிறகு வாசல், கடை, கடைசியாகக் கூட்டம். வருடக்கணக்கில் வராத ஒலிகளை எது முக்கியம், எது விட்டுவிடத் தக்கது என்று மூளை மறுபடியும் பிரித்துப் பழக வேண்டும். மின்விசிறி இரைச்சல் நமக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நாம் அதைக் கேட்பதை நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான். அவருக்கு அது நிற்க மூன்று வாரம் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்வந்தவள் ஒன்பது வயதுப் பேத்தி. பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை வாசித்துக் காட்டினாள். முதல் இரண்டு நாள் பாடம். மூன்றாம் நாள் வாசிப்பை நிறுத்திவிட்டு வகுப்புக் கதைக்குப் போய்விட்டாள். பக்கத்துப் பெஞ்சுக்காரி பொய் சொல்கிறாள், டீச்சருக்குக் கல்யாணம், பென்சில் டப்பா இன்னும் கிடைக்கவில்லை. தாத்தா இடையிடையே, "அப்புறம் கண்ணு?" என்றார். ஒரு சமயம், "அந்தப் புள்ளதான் போன வாரம் உன்னோட டப்பாவ வாங்குச்சுன்னு சொன்னியே?" என்று கேட்டார். பேத்தி வியந்து பார்த்தாள். அப்பாரு தலையாட்டுவார், ஆனால் திருப்பிக் கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. அவள் குரலில் லேசான கரகரப்பு இருப்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். "சளி புடிச்சிருக்குதா?" என்று மருமகளைக் கேட்டார். "அவ குரலே அப்படித்தானுங்க மாமா" என்றாள் மருமகள்.

ஆறாவது வாரம் மிஷினைச் செல்போனுடன் இணைத்துக் கொடுத்தார்கள். அழைப்பு வந்தால் எதிர்முனைக் குரல் நேராக இரண்டு காதுக்கும் வரும். அறையின் இரைச்சல் இடையில் வராது. அந்த ஞாயிறு அக்காவிடம் அவரே பேசினார். நாற்பது நிமிடம். மனைவி பக்கத்தில் இருந்து, எப்போது கை நீட்டிப் போனை வாங்குவது என்று பழக்கத்தில் காத்திருந்தார். வாங்க வேண்டிய வேளை வரவேயில்லை. அக்காவின் முழங்கால் வலி, பேரனின் வேலை, இருவரும் சிறுவயதில் ஒன்றாகப் பருத்தி எடுத்த காட்டை விற்றுவிட்டார்கள் என்ற சேதி. அந்தக் காடு கைமாறி ஒரு வருடமாகியிருந்தது. அக்கா அப்போதே சொல்லியிருந்தார். மனைவியின் வழியாக வந்தபோது அது எங்கோ உதிர்ந்துவிட்டது.

மிஷின் செய்யாதவையும் உண்டு. ஒரு மீட்டர், இரண்டு மீட்டருக்குள் பேசினால்தான் அது நன்றாக உதவும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் இன்றும் அவருக்குப் புரிவதில்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்கும் சுவரெல்லாம் எதிரொலிக்க, பக்கத்து இலைக்காரர் பேசுவது கரைந்துபோகிறது. அங்கே அவர் பழையபடி உதட்டைப் படிக்கிறார், அல்லது பேச விரும்புபவரை வெளியே மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போகிறார். ஒருநாள் காலை வலது மிஷின் ஊமையாகிவிட்டது. மகன் ஆடியாலஜிஸ்ட் சொன்னபடி அதை மூடிய கைக்குள் பிடித்துப் பார்த்தான். விசில் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், வரவில்லை. முனையில் உள்ள நெல்மணியைவிடச் சிறிய வடிகட்டியைக் குறும்பி அடைத்திருந்தது. மாற்றியதும் உயிர் வந்தது. பஞ்சுத் தூசு பறக்கும் ஊர், வியர்வை ஊறும் கோடை. ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்து எடுப்பது அங்கே கட்டாயம்.

வீட்டாரும் சிலவற்றை மாற்றிக்கொண்டார்கள். பேசுவதற்கு முன் கூப்பிட்டு, அவர் முகம் திரும்பிய பிறகே பேச்சைத் தொடங்குகிறார்கள். கத்துவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறார்கள். ஒரு தடவை புரியாவிட்டால் அதே சொல்லை உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்கிறார்கள். "காசு" விழாவிட்டால் "பணம்" விழுந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் டிவியை அணைத்துவிடுகிறார்கள். இதில் எதற்கும் செலவில்லை. ஆனால் இவை இல்லாமல் மிஷினுக்குச் செலவழித்ததில் பாதி வீணாகியிருக்கும்.

மகன் பயந்த மறதி நோய்க்கும் காதுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் காது மிஷின் கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது சிந்தனைத் திறன் குறையும் வேகத்தில் இரு பகுதிக்கும் வித்தியாசமில்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும், மிஷின் போட்டவர்களுக்கு அந்த வேகம் 48 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே மிஷின் போட்டால் மறதி வராது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டியதில்லை. இந்த வீட்டில் நடந்தது அதைவிட எளிமையானது. கேள்வி சரியாகக் காதில் விழுந்ததும் பதிலும் சரியாக வந்தது. மகனின் பயம் தானாக அடங்கியது.

நான்காவது மாதம் போனபோது மிஷின் காட்டிய சராசரி ஒரு நாளுக்கு பதினொரு மணி நேரம். காலையில் பல் துலக்கியதும் மாட்டி, படுக்கும்போது கழற்றுகிறார். அவர் காதில் விழாது என்று அவர் எதிரிலேயே பேசிப் பழகியிருந்த வீட்டார், இப்போது அவருக்கான பிறந்தநாள் சட்டையைப் பற்றிப் பேசச் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் வேறொன்று தெரிய வந்தது. ஒருநாள் இரவு, அக்காவிடம் பேசி முடித்த தாத்தா, அக்கா சொன்ன வேடிக்கை ஒன்றை மனைவியிடம் சொன்னார். மனைவி, "என்னங்க?" என்றார். மறுபடி சொன்னார். "ஆருக்கு?" என்றார் மனைவி. அவருக்கு வயது 69. கணவர் தறி ஓட்டிய அதே குடோனில், ஓரத்தில் உட்கார்ந்து இருபது வருடம் தார் சுற்றியவர். அந்தச் சத்தம் முழுவதையும் அவர் காதும் வாங்கியிருந்தது. வீட்டில் ஒருவருக்குக் கேட்கவில்லை என்பதே பெரிதாக இருந்ததால், இன்னொருவருடையதை யாரும் கவனிக்கவில்லை. போனில் அக்காவின் காடு விற்ற சேதி எங்கே உதிர்ந்தது என்பது தாத்தாவுக்கு அப்போது புரிந்திருக்கக்கூடும்.

மூன்றாவது முறையும் மனைவி "என்ன சொன்னீங்க?" என்றபோது, அவர் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல புள்ள, வி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். எழுந்து டிவியை அணைத்தார். நாற்காலியை இழுத்து மனைவியின் எதிரே, விளக்கு தன் முகத்தில் விழும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா சொன்னதை ஆரம்பத்திலிருந்து, நிதானமாக, சிரிக்க வேண்டிய இடம் வரை சொன்னார். மறுவாரம் ஆடியாலஜிஸ்ட் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக வேண்டியவர் மனைவி. "அந்தக் கட்டையை எப்ப அமுத்தோணும்?" என்று அவர் கேட்க, "சன்னமா கேட்டாலும் அமுத்து" என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.